பிப்ரவரியில் வரும் சுற்றறிக்கையும் மார்ச் 7-ஆம் தேதியும்: சம்பள டிடிஎஸ் முகப்புக் குறிப்பு குறித்து

2024-25 நிதியாண்டில் சம்பளத்திலிருந்து வருமான வரியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று விளக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 3/2025 எண் சுற்றறிக்கை, 2025 பிப்ரவரி 20 அன்று வெளியானது. அதாவது, அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதச் சம்பளங்களில் பத்து கொடுத்து முடிந்த பிறகு வந்தது. அந்த ஆண்டில் மட்டும் நேர்ந்த தாமதம் என்று இதைச் சொல்ல முடியாது. 2021-22-க்கான 4/2022 எண் சுற்றறிக்கை 2022 மார்ச் 15 அன்றும், 2022-23-க்கான 24/2022 எண் சுற்றறிக்கை 2022 டிசம்பர் 7 அன்றும் வெளியாயின. ஆண்டுக்கணக்கு முடியப்போகும் வேளையில்தான் இந்த நீண்ட ஆவணம் நிதிப் பிரிவின் மேசைக்கு வருகிறது என்பதே வழக்கம்.

இதை அறிந்த நிதிப் பிரிவு, சுற்றறிக்கையோடு சேர்த்து அனுப்பும் முகப்புக் குறிப்பை அதன் சுருக்கமாக மட்டும் எழுதாது. சுற்றறிக்கையின் பெரும்பகுதி பழைய சட்டப் பிரிவுகளை அந்த ஆண்டின் திருத்தங்களோடு ஓரிடத்தில் தொகுத்துத் தருவது; அதை ஒரு பக்கத்தில் சுருக்கினால், எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்தது இன்னும் சுருக்கமாகத் தெரியும், அவ்வளவே. குறிப்பைப் படிக்கும் சம்பளக் கணக்காளருக்கும், வங்கிக்குப் பணம் அனுப்புபவருக்கும், காலாண்டு அறிக்கையைப் பதிவேற்றுபவருக்கும் வேண்டியது வேறு: இந்த ஆவணம் கைக்கு வந்த நாளுக்குப் பிறகு நாட்காட்டியில் மீதமிருக்கும் தேதிகள் எவை, அந்தத் தேதிகளில் தவறாமலிருக்க அவரவர் எந்த நாளுக்குள் தம் வேலையை முடிக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி.

குறிப்பின் முதல் வரியிலேயே நிதியாண்டைச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் 2025 பிப்ரவரியில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாதம் 1-ஆம் தேதி நிதிநிலை அறிக்கையில் புதிய வரி அடுக்குகள் அறிவிக்கப்பட்டன, ரூ.12 லட்சம் வரை வரியில்லை என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. மூன்று வாரம் கழித்து வந்த சுற்றறிக்கையோ முடியப்போகும் ஆண்டைப் பற்றியது. அறிவிக்கப்பட்ட அடுக்குகள் 2025 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு உரியவை. பிப்ரவரி, மார்ச் சம்பளங்களுக்குப் பழைய அடுக்குகளே பொருந்தும். “இந்தச் சுற்றறிக்கை 2024-25-க்கு மட்டும் உரியது, நிதிநிலை அறிக்கையின் புதிய அடுக்குகளை இதில் பயன்படுத்தக் கூடாது” என்ற ஒரு வாக்கியம், ஊழியர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடும்.

அடுத்தது தேதிகளின் மூலம். தேதிகளைச் சுற்றறிக்கையே விதித்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். சுற்றறிக்கை விளக்குகிறது, நினைவூட்டுகிறது. வரித்துறை அதிகாரிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கெடுத் தேதிகள் வருமான வரி விதிகளிலிருந்து வருபவை. பிடித்த வரியை அரசுக் கணக்கில் செலுத்துவதற்கு 30-ஆம் விதி, காலாண்டு அறிக்கைக்கு 31ஏ விதி, ஊழியருக்குச் சான்றிதழ் தருவதற்கு 31-ஆம் விதி. குறிப்பில் தேதியோடு விதியின் எண்ணையும் எழுதிவைப்பதில் நடைமுறைப் பயன் உண்டு. காலநீட்டிப்பு கிடைக்கும்போது அது இந்த நீண்ட சுற்றறிக்கையில் வருவதில்லை. 2020-21-இன் கடைசிக் காலாண்டு அறிக்கைக்கு உரிய 2021 மே 31 என்ற கெடு, கொரோனா காலத்தில் 9/2021 எண் சுற்றறிக்கையால் ஜூன் 30-க்கும், பின்னர் 12/2021 எண் சுற்றறிக்கையால் ஜூலை 15-க்கும் நகர்ந்தது. இரண்டும் தனியாக வந்தவை. விதியின் எண் கையில் இருந்தால், நீட்டிப்பு எந்தக் கெடுவுக்கு, எதற்கு இல்லை என்பதை உடனே சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த முறை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்ட குழப்பத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பழக்கத்தை விடமாட்டார்கள்.

இனி, பிப்ரவரி 20-க்குப் பிறகு மீதமிருந்த தேதிகள். அரசு அல்லாத நிறுவனத்துக்கு அவை நான்கே. பிப்ரவரியில் பிடித்த வரியை மார்ச் 7-க்குள் செலுத்த வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்குரிய, சம்பள வரிப் பிடித்த விவரங்களைத் தரும் 24க்யூ அறிக்கை மே 31-க்குள். ஊழியர்களுக்கு வரிப் பிடித்தச் சான்றிதழான படிவம் 16 ஜூன் 15-க்குள். முந்தைய மூன்று காலாண்டு அறிக்கைகளின் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31 ஆகிய கெடுக்கள் முடிந்துபோனவை. அவற்றைக் குறிப்பில் மறுபடியும் அடுக்கிவைத்தால், உயிருள்ள நான்கு தேதிகளும் அவற்றுக்கிடையில் தொலைந்துபோகும். முடிந்த தேதிகளைப் பற்றி ஒரே வரி போதும்: அந்த மூன்று அறிக்கைகளும் தாக்கலாகிவிட்டனவா, அவற்றில் தீராத பிழை ஏதேனும் இருக்கிறதா என்று யார் பார்த்துச் சொல்வது என்பது.

நான்கில் மார்ச் 7-தான் மிகவும் கூர்மையானது. காரணம், ஒரு நாள் தாமதத்துக்கு விதிக்கப்படும் வட்டியைக் கணக்கிடும் முறை. வரியைப் பிடித்துவிட்டுச் செலுத்தத் தாமதித்தால், வருமான வரிச் சட்டத்தின் 201(1ஏ) பிரிவின்படி மாதத்துக்கோ மாதத்தின் ஒரு பகுதிக்கோ 1.5 சதவீத வட்டி. வட்டி தொடங்கும் நாள் கெடு முடிந்த நாளல்ல, வரி பிடிக்கப்பட்ட நாள். வரிப் பிடித்தக் கணக்குகளுக்கான வரித்துறையின் டிரேசஸ் இணையதளம் இதை நாட்காட்டி மாதங்களாக எண்ணுகிறது. ஒரு நிறுவனம் பிப்ரவரி 28 அன்று சம்பளம் கொடுத்து, அதில் ரூ.6,40,000 வரி பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். அதை மார்ச் 7-க்குப் பதிலாக 8 அன்று செலுத்தினால், பிப்ரவரியில் ஒரு நாள் இருப்பதால் ஒரு மாதம், மார்ச்சில் எட்டு நாள் இருப்பதால் இன்னொரு மாதம். இரண்டு மாதத்துக்கு 3 சதவீதம், ரூ.19,200. ஒரே ஒரு நாள் தாமதத்தின் விலை இது. மார்ச் 31 அன்று பிடித்ததை மே 1 அன்று செலுத்தினால் மார்ச், ஏப்ரல், மே என மூன்று மாதமாகி 4.5 சதவீதம் ஆகிவிடும். இந்தக் கணக்கைக் குறிப்பில் நிறுவனத்தின் சொந்தத் தொகையைப் போட்டு எழுதிக் காட்டுவது நல்லது. “தாமதித்தால் வட்டி உண்டு” என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ரூபாயில் எழுதினால் வங்கிக் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் கோப்பு நகர்கிறது.

இதோடு இணைந்த இன்னொரு நுட்பமும் உண்டு. சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டியது அதைக் கொடுக்கும்போது. ஆகவே கெடுவைத் தீர்மானிப்பது எந்த மாதத்துச் சம்பளம் என்பதல்ல, எந்த நாளில் பணம் கொடுக்கப்பட்டது என்பதே. மாதத்தின் கடைசி நாளில் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பிப்ரவரிச் சம்பளத்தின் வரிக்கு மார்ச் 7 கெடு. அதே சம்பளத்தை மார்ச் 5 அன்று கொடுக்கும் நிறுவனத்துக்கு அது மார்ச்சில் பிடித்த வரியாகிவிடுவதால், கெடு ஏப்ரல் 30. வேறொரு நிறுவனத்தின் குறிப்பைக் கடன் வாங்கித் தேதிகளை அப்படியே ஒட்டுவதில் உள்ள ஆபத்து இதுதான். தம் நிறுவனத்தின் சம்பள நாளைக் குறிப்பின் தொடக்கத்தில் எழுதி, அதிலிருந்து தேதிகளைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

ஆனால் இந்த நான்கு சட்டத் தேதிகளைவிட அவசரமான ஒரு தேதி சுற்றறிக்கையில் எங்கும் எழுதப்படாமல் இருக்கிறது. அது, பிப்ரவரிச் சம்பளக் கணக்கை மூடும் நாள். 192-ஆம் பிரிவு, ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட்டு, அதற்குரிய வரியைச் சராசரி விகிதத்தில் மாதந்தோறும் பிடிக்கச் சொல்கிறது. மதிப்பீடு தவறினால், கூடுதலாகவோ குறைவாகவோ பிடித்ததை அதே ஆண்டின் மற்ற மாதங்களில் சரிசெய்துகொள்ள 192(3) இடம் தருகிறது. பிப்ரவரி 20-க்குப் பிறகு அந்த “மற்ற மாதங்கள்” இரண்டுதான். பிப்ரவரிக் கணக்கு மூடிவிட்டால் ஒன்றுதான்.

இது ஊழியரின் கையில் எப்படித் தெரியும் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஆண்டுச் சம்பளம் ரூ.14 லட்சம் பெறும் ஒருவர் ஏப்ரலில், முதலீட்டுக்கும் வாடகைக்கும் விலக்குத் தரும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, 80சி முதலீடு ரூ.1,50,000, விலக்கு பெறும் வீட்டு வாடகைப்படி ரூ.2,00,000 என்று அறிவித்திருந்தார். நிலையான கழிவு ரூ.50,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ.10 லட்சம், வரி ரூ.1,12,500, அதன்மேல் 4 சதவீத மேல்வரி சேர்ந்து ரூ.1,17,000. மாதம் ரூ.9,750 வீதம் ஜனவரி வரை ரூ.97,500 பிடிக்கப்பட்டிருக்கும். இப்போது படிவம் 12பிபியோடு தர வேண்டிய வாடகைச் சான்று வரவில்லை. அல்லது, ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டியும் வீட்டு உரிமையாளரின் பான் எண் தரப்படவில்லை. வாடகைப்படி விலக்கை நீக்கினால் வருமானம் ரூ.12 லட்சம், வரி மேல்வரியோடு ரூ.1,79,400. பாக்கி ரூ.81,900.

இதைப் பிப்ரவரிக் கணக்கு மூடுவதற்கு முன் கண்டுபிடித்தால், இரண்டு மாதமும் ரூ.40,950 வீதம் பிடிக்கலாம். அவருக்கு வலிக்கும், ஆனால் குடும்பச் செலவு நின்றுவிடாது. மார்ச்சில்தான் கண்டுபிடித்தால், பிப்ரவரியில் வழக்கமான ரூ.9,750 போக, ஒரே சம்பளத்தில் ரூ.72,150 பிடிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் மாறுபடும் ஊதியம் அதிகமாகவும் உள்ளவர்களுக்கு மார்ச் மாதச் சம்பளமே இதற்குப் போதாமல் போகக்கூடும். அப்போது பிடிக்கத் தவறிய தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி நிறுவனத்தின் தலையில் விழும். குறிப்பில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டிய தேதி ஏன் இது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி: மேலே சொன்னவர் புதிய முறையில் இருந்திருந்தால், ரூ.75,000 நிலையான கழிவுக்குப் பின் ரூ.13,25,000-க்கு அவருடைய வரி மேல்வரியோடு ரூ.1,09,200-தான். எந்தச் சான்றும் தராமலே முதல் மதிப்பீட்டைவிடக் குறைவு. தொழில் வருமானம் இல்லாதவர் தன் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், கூடுதலாகப் பிடித்தது அவருக்குத் திரும்பக் கிடைக்க வழி உண்டு. குறிப்பு நிதிப் பிரிவுக்குத்தான் என்றாலும், கோபத்தோடு வரும் ஊழியரிடம் இதைச் சொல்லத் தெரிந்திருப்பது உதவும்.

எந்த முறை என்று ஊழியர் தெரிவிக்கவே இல்லை என்றால், 2023 ஏப்ரல் 5 தேதியிட்ட 4/2023 எண் சுற்றறிக்கையின்படி அவர் புதிய முறையில் இருப்பதாகவே கொண்டு வரி பிடிக்க வேண்டும். பதில் தராதவர்களைப் பழைய முறையில் விட்டுவைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை பட்டியலை ஓட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை. அந்த ஆண்டில் உண்மையிலேயே புதிதாக வந்தது 12பிஏஏ படிவம். வங்கி வட்டியிலோ வேறு வருமானத்திலோ பிடிக்கப்பட்ட வரியையும், கார் வாங்குவது, வெளிநாட்டுச் செலவு போன்றவற்றில் வசூலிக்கப்பட்ட வரியையும் ஊழியர் அந்தப் படிவத்தில் தெரிவித்தால், நிறுவனம் அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் பிடிக்கலாம். 2024 அக்டோபரில் வந்த வசதி என்பதால் பலருக்கு அது தெரியாது. சான்றுகளைக் கேட்கும் அதே மின்னஞ்சலில் இதையும் சேர்த்துக் கேட்பதே வசதி.

இனிக் கடைசி இரண்டு தேதிகள். மே 31-க்கும் ஜூன் 15-க்கும் இடையில் பதினைந்து நாள் இருப்பதாகத் தோன்றும். ஆனால் படிவம் 16, நிறுவனம் தானாக அச்சிட்டுக் கொடுக்கும் தாள் அல்ல. கடைசிக் காலாண்டின் 24க்யூ அறிக்கையில், ஒவ்வோர் ஊழியரின் ஆண்டு முழுவதற்குமான சம்பள விவரத்தைக் கொண்ட இரண்டாம் இணைப்பும் சேரும். மற்ற மூன்று காலாண்டுகளில் அது கிடையாது. அறிக்கை பரிசீலிக்கப்பட்ட பிறகுதான் டிரேசஸ் தளத்திலிருந்து படிவத்தைப் பதிவிறக்க முடியும். அறிக்கையில் ஒரு பான் எண் தவறியிருந்தாலோ, சலான் விவரம் பொருந்தாமல் போனாலோ, திருத்த அறிக்கை தாக்கல் செய்து மறுபடியும் காத்திருக்க வேண்டும். மே 31 அன்று மாலையில் அறிக்கையைப் பதிவேற்றிய நிறுவனத்துக்கு இந்தச் சுற்றுக்கெல்லாம் நேரம் இருக்காது.

தாமதத்தின் விலையும் இங்கே வேறு விதம். அறிக்கை தாமதமானால் 234இ பிரிவின்படி நாளொன்றுக்கு ரூ.200, பிடித்த வரியின் அளவுக்கு மிகாமல். ஓர் அறிக்கைக்கு இது என்பதால் பத்து நாள் தாமதித்தாலும் ரூ.2,000-தான், அதனாலேயே சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். படிவம் 16 தாமதத்துக்கு 272ஏ(2) பிரிவின்படி நாளொன்றுக்கு ரூ.500 வரை போகும் தண்டம், ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனியாக விதிக்கப்படக்கூடியது. நாற்பது ஊழியர்களுக்கு ஐந்து நாள் தாமதம் என்றால் ரூ.1,00,000 வரை போகலாம். முதல் தாமதம் இரண்டாவதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதால், மே 31-ஐ இலக்காக வைப்பதே தவறு என்பது என் கருத்து. 2025-இல் ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை. உண்மையான கடைசி வேலைநாள் ஜூன் 13, வெள்ளி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், அறிக்கையை மே 20-ஐ ஒட்டியாவது தாக்கல் செய்தால்தான் ஒரு திருத்தத்துக்கு இடம் கிடைக்கும்.

மேலே சொன்னவற்றைச் சேர்த்து, மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு 2025 பிப்ரவரி 21 அன்று எழுதப்பட்டிருக்கக்கூடிய குறிப்பு இப்படி அமையும்:

“இணைப்பில் உள்ள 3/2025 எண் சுற்றறிக்கை 2024-25 நிதியாண்டின் சம்பள வரிப் பிடித்தத்துக்கு மட்டும் உரியது, நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட புதிய அடுக்குகள் இதற்குப் பொருந்தா. சட்டத் தேதிகளில் மாற்றம் இல்லை.

சம்பளப் பிரிவு: சான்று தராத ஊழியர்களுக்கு இன்றே நினைவூட்டல் அனுப்பவும். பிப்ரவரி 24 மாலைக்குள் வராத சான்றுகளுக்குரிய விலக்கை நீக்கி, பாக்கி வரியைப் பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் சமமாகப் பிரித்துப் பிடிக்கவும். வரி முறையைத் தெரிவிக்காதவர்களின் பட்டியலையும் அன்றே தரவும்.

கருவூலப் பிரிவு: பிப்ரவரி 28 அன்று பிடிக்கும் வரியை மார்ச் 5-க்குள் செலுத்தவும், சட்டக் கெடு மார்ச் 7, விதி 30. ஒரு நாள் தவறினால் 3 சதவீத வட்டி. மார்ச் மாத வரியை ஏப்ரல் 25-க்குள் செலுத்தவும். சட்டக் கெடு ஏப்ரல் 30.

வரிப் பிரிவு: நான்காம் காலாண்டு 24க்யூ அறிக்கையை மே 20-க்குள் தாக்கல் செய்யவும், சட்டக் கெடு மே 31, விதி 31ஏ. படிவம் 16-ஐ ஜூன் 13-க்குள் வழங்கவும். சட்டக் கெடு ஜூன் 15, விதி 31. முதல் மூன்று காலாண்டு அறிக்கைகளில் தீராத பிழைகள் இருந்தால் மார்ச் 10-க்குள் தெரிவிக்கவும்.

இவற்றில் ஐயம் இருந்தால் சுற்றறிக்கையின் மூல வாசகத்தைப் பார்த்த பின்னரே முடிவெடுக்கவும்.”

இதில் ஒவ்வொரு பத்தியும் ஒரு பிரிவின் பெயரோடு தொடங்குகிறது. சுற்றறிக்கையின் வரிசையை அது பின்பற்றவில்லை. உள் தேதி முதலிலும் சட்டக் கெடு அதன் பின்னும் வருவதும் வேண்டுமென்றே. சட்டக் கெடுவை முதலில் எழுதினால், அதுவே மனத்தில் தங்கிவிடுகிறது. உள் தேதியை மட்டும் எழுதிவிட்டால், அது தவறும்போது இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்பது தெரியாமல் வீண் பதற்றம் உண்டாகும்.

இந்த மாதிரியை இனிவரும் ஆண்டுகளுக்கு எடுத்தாளுபவர்கள் பிரிவு எண்களை அப்படியே நகலெடுக்கக் கூடாது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாகச் சட்டமாகியிருக்கிறது. சம்பள வரிப் பிடித்தம் அதில் 192-ஆம் பிரிவிலிருந்து 392-ஆம் பிரிவுக்கு இடம் மாறுகிறது. 2026-27-க்கான குறிப்பை எழுதும்போது, பிரிவு எண், விதி எண், படிவத்தின் பெயர், தேதி ஆகிய நான்கையும் பழைய குறிப்பிலிருந்து எடுக்காமல் புதிய சட்டத்திலிருந்தும் அதன் விதிகளிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்து நிரப்ப வேண்டும்.